கேமரா அணைந்திருக்கும் வகுப்பில் முதல் குரலை வரவைப்பது எப்படி? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மாலை 8 மணிக்கு ஜூமில் எக்செல் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பேட்சுக்கு 20 முதல் 25 பேர். பாதிப் பேர் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். மீதிப் பேர் கடையிலோ ஆடிட்டர் ஆபீசிலோ நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள். வகுப்பு தொடங்கும்போது திரையில் என் முகம் ஒன்றுதான் இருக்கும். சுற்றிலும் கறுப்புக் கட்டங்கள். சிலவற்றில் பெயர் இருக்கும், சிலவற்றில் ரெட்மி, கேலக்ஸி என்று போன் மாடலோ, ‘அப்பா போன்’ என்றோ இருக்கும்.

முதல் நாள் இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருப்பவர்களை எப்படிப் பேச வைப்பது என்பதற்கு நான்கு வழிகளை வெவ்வேறு பேட்சுகளில் செய்து பார்த்திருக்கிறேன். வரிசையாக அறிமுகம், எல்லோரும் ஒரே நேரத்தில் சாட்டில் எழுதுவது, மூவர் மூவராகத் தனி அறை, வகுப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குரல் பதிவு. இவற்றில் எதை, எப்போது, எத்தனை பேருக்கு எடுக்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். புதிதாக ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறவர்களுக்கும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் புது டீமை நடத்துகிறவர்களுக்கும் உதவும்.

கேமராவைப் போடச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். நானும் முதலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். 2021-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மாணவர்களிடம், ஏன் கேமராவைப் போடுவதில்லை என்று கேட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் சொன்ன காரணம், தன் தோற்றத்தைப் பற்றிய கவலை. பின்னால் வீட்டு ஆட்கள் தெரிவார்கள், வீடு தெரியும், நெட் தாங்காது என்பவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. என் வகுப்பில் இவையெல்லாம் சேர்ந்தே இருக்கும். ஒரே அறையில் தம்பி படித்துக்கொண்டிருப்பான், பாட்டி படுத்திருப்பார், டேட்டா ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு இருக்கும். அதே ஆண்டில் வேலைக்குப் போகிறவர்களிடம் நான்கு வாரம் நடத்திய இன்னொரு ஆய்வில், கேமரா போட்ட நாட்களில் சோர்வு கூடியது, அதுவும் பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பேச வைக்கத்தானே இந்த ஏற்பாடே. அதனால் கேமராவை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன். ஆனால் என் கேமராவை மட்டும் எப்போதும் போட்டு வைக்கிறேன். யாராவது ஒருவர் முகம் தெரிந்தால்தான் யாரிடம் பேசுகிறோம் என்ற எண்ணம் வரும்.

கேமரா இல்லாதபோது உண்மையில் என்ன தொலைகிறது? முகம் பார்க்கும் சந்தோஷத்தைவிடப் பெரிய ஒன்று தொலைகிறது. அடுத்து யார் பேசப்போகிறார்கள் என்பது தெரியாமல் போகிறது. 2009-இல் 10 மொழிகளின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து பார்த்த மொழியியல் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடித்து இன்னொருவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி செகண்ட் என்று தெரிந்தது. ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. நேரில் இது நடப்பதற்கு முக்கியமான காரணம், ஒருவர் முடிக்கப்போகிறார் என்பதைக் குரலிலும் கண்ணிலும் மூச்சிலும் முன்கூட்டியே பிடித்துவிடுகிறோம். ஆன்லைனில் குரல் தாமதமாக வருகிறது, முகமும் இல்லை, மைக்கும் மூடியிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொடங்குவார்கள். இரண்டு பேரும் நிறுத்துவார்கள். “நீங்க சொல்லுங்க”, “இல்லை, நீங்க சொல்லுங்க” என்று ஆகும். முதல் நாளில் இது இரண்டு தடவை நடந்தால் போதும், மூன்றாவது ஆள் மைக்கைத் திறக்க மாட்டார்.

ஆக, ஒரு அறிமுக விளையாட்டை நான் இரண்டு கேள்வி வைத்துத்தான் எடைபோடுகிறேன். இப்போது பேசவேண்டியது யார் என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறதா? தப்பாகப் பேசிவிட்டால் எத்தனை பேருக்கு முன்னால் தப்பாகும்?

வரிசையாக அறிமுகம்

இதுதான் எல்லோரும் முதலில் செய்வது. “ஒவ்வொருத்தரா உங்களைப் பத்தி சொல்லுங்க.” என் முதல் கேள்விக்கு இது ஓரளவு பதில் சொல்கிறது, ஏனென்றால் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். இரண்டாவது கேள்வியில் முழுக்கத் தோற்றுப்போகிறது. அறிமுகமே இல்லாத 21 பேர் கேட்கும்போதுதான் ஒவ்வொருவரின் முதல் வாக்கியமும் வெளியே வருகிறது.

நேரக் கணக்கைப் பாருங்கள். 22 பேர், ஆளுக்கு 45 செகண்ட் என்றால் பதினாறரை நிமிடம். மைக்கைத் திறப்பது, “கேக்குதா சார்?” என்று கேட்பது, “கேக்குது, சொல்லுங்க” என்பது எல்லாம் சேர்ந்தால் 25 நிமிடம் போய்விடும். அதில் ஒவ்வொருவரும் 45 செகண்ட் பேசி, 24 நிமிடம் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருக்கும் நேரத்திலாவது மற்றவர்களைக் கேட்கிறார்களா? 1973-இல் பிரென்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஒரு சொல்லை வாசிக்கும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் ஒருவருக்கு நினைவில் நிற்பதில்லை என்று கண்டார். தன் முறை வரப்போகிறது என்ற பதற்றத்திலும் தயாரிப்பிலும் காது அடைத்துக்கொள்கிறது. அறிமுகம் முடிந்தபிறகு ஒரு பேட்சில் “உங்களுக்கு முன்னாடி பேசினவர் என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பார்த்தேன். பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, அது அவர்கள் தப்பில்லை.

இன்னொரு சிக்கல், முதலில் பேசுகிறவர் போடும் அச்சிலேயே எல்லோரும் வார்ப்பார்கள். பெயர், ஊர், படிப்பு, காலேஜ், இப்போது என்ன செய்கிறேன். இந்த ஐந்தில் நான்கு நம் ஊரில் சும்மா தகவல்கள் கிடையாது. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலேஜ் பெயர் ஒரு தராசு. “இப்போது என்ன செய்கிறேன்” என்பது மூன்று வருடமாக வேலை கிடைக்காதவருக்கு எவ்வளவு கனமான கேள்வி என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரு பெண் தன் முறை வந்ததும் அழைப்பிலிருந்து வெளியேறினார். பிறகு “நெட் போயிடுச்சு சார்” என்று மெசேஜ் அனுப்பினார். அடுத்தடுத்த வகுப்புகளில் அவர் நெட் ஒரு நாளும் போகவில்லை.

ஆறு பேர் வரை இருந்தால் இந்த முறை பரவாயில்லை. அப்போதும் வரிசையை முன்பே சாட்டில் போட்டுவிட வேண்டும். கேள்வியில் ஊரும் காலேஜும் இருக்கக் கூடாது. “நான் அப்புறம் சொல்றேன்” என்று யாரும் தாண்டிப்போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறு பேருக்கு மேல் என்றால் எடுக்காதீர்கள்.

எல்லோரும் ஒன்றாகச் சாட்டில்

ஒரு கேள்வி கேட்பேன். எல்லோரும் பதிலைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் கழித்து நான் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். சாட் பெட்டியில் 20 பதில் மளமளவென்று கொட்டும். யார் முதலில் என்ற சிக்கலே இல்லை, ஏனென்றால் எல்லோரும் முதலில்தான். தப்பாகச் சொன்னாலும் அடுத்த பதில்கள் அதை மேலே தள்ளிவிடும். என் இரண்டு கேள்விக்கும் இது நன்றாகப் பதில் சொல்கிறது. செலவும் இல்லை, டேட்டாவும் ஆகாது. போனில் இருப்பவரும், பக்கத்தில் ஆள் இருப்பதால் பேச முடியாதவரும் கலந்துகொள்ளலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பல கேள்வி கேட்டுப் பார்த்து, இப்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: “இப்போது உங்கள் காதில் கேட்கும் சத்தங்களில் ஒன்றை எழுதுங்கள்.” ஃபேன், குக்கர் விசில், சீரியல் பாட்டு, பக்கத்து வீட்டு நாய், தறிச் சத்தம், மழை என்று வரும். இதற்கு யோசிக்க வேண்டாம், காது கொடுத்தால் போதும். யாரும் யாரையும்விடக் கெட்டிக்காரப் பதில் சொல்ல முடியாது. முக்கியமாக, எந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டு மைக்கை மூடி வைத்திருக்கிறார்களோ அந்தச் சத்தத்தையே வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். நாளைக்கு அவர் பேசும்போது குக்கர் கூவினால் யாரும் திடுக்கிட மாட்டார்கள், அவரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்.

“உங்களுக்குப் பிடித்த படம் எது?” என்ற கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் அதில் நல்ல படமாகச் சொல்ல வேண்டுமே என்ற யோசனை வரும். அதே போலத்தான் “உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள்” மாதிரிக் கேள்விகளும். முதல் நாளில் அந்த ஆழம் வேண்டாம்.

இது எங்கே கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு முதலிலேயே அனுப்பிவிடுவார், அதைப் பார்த்து மற்ற பத்துப் பேர் ‘ஃபேன்’ என்று எழுதுவார்கள். அதனால் முதல் சுற்று ஒத்திகை என்று சொல்லி, ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டி அனுப்பச் சொல்வேன். இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறுகிறவர்கள். தங்கிலீஷில் எழுதலாம், ஒற்றைச் சொல் போதும், போனின் குரல் தட்டச்சையும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது, தாமதமாக வருகிறவர்கள். பொதுவாக, ஒருவர் நுழைவதற்கு முன்னால் வந்த சாட் செய்திகள் அவருக்குத் தெரியாது. கேள்வியை இன்னொரு முறை போட வேண்டும்.

இவையெல்லாம் சின்னக் கோளாறுகள். பெரிய கோளாறு ஆசிரியரிடம்தான் இருக்கிறது. 20 பதில் வந்ததும் “சூப்பர், ரொம்ப நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவது. நான் ஒரு பேட்சில் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது வகுப்பில் எல்லோரும் கலகலவென்று சாட்டில் எழுதினார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எழுதுவதே பழகிவிட்டது. சாட் என்பது குரலுக்கு இறங்கும் படிக்கட்டு, அங்கேயே உட்கார வைத்துவிட்டால் அதற்கு மேல் நகர மாட்டார்கள்.

அதனால் இப்போது பதில்களில் நான்கைந்தை எடுத்துப் பெயரோடு வாசிக்கிறேன். வாசித்தவுடன் அவருக்கு மட்டுமே தெரிந்த, ஒரே சொல்லில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். “குக்கர் என்று எழுதியிருக்கீங்க, இது எத்தனாவது விசில்?” அவர் மைக்கைத் திறந்து “மூணு” என்பார். அவ்வளவுதான். அவர் குரல் வகுப்பில் ஒலித்துவிட்டது, பதில் தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை.

இங்கே காத்திருக்கத் தெரிய வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு செகண்ட்தான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செகண்டாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதில் சொல்கிறவர்களும் கூடினார்கள். அது நேரடி வகுப்பு. போனில் ஜூம் பார்ப்பவருக்கு முதலில் திரையைத் தட்டிப் பட்டன்களை வரவைக்க வேண்டும், பிறகு `Unmute` தட்ட வேண்டும், அப்புறம்தான் பேச்சு. மூன்று செகண்ட் அதற்கே போய்விடும். நான் மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஒரு மிடறு குடிப்பேன், இல்லாவிட்டால் நானே நடுவில் பேசிவிடுவேன்.

இதன் பக்கத்திலேயே வைக்கக்கூடியது வாக்கெடுப்பு. காபியா டீயா, கை தூக்குங்கள், கட்டைவிரல் காட்டுங்கள் வகை. இதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. பட்டனைத் தட்டுவது பேச்சுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. பெயர் தெரியாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்கு மட்டும் உதவும்: “எக்செல்லில் உங்களுக்குப் பயமாக இருப்பது எது?” அதற்குக்கூட ஜூம் சாட்டை `Host and co-hosts` என்று மாற்றி, எனக்கு மட்டும் வரும்படி செய்து, பெயர் சொல்லாமல் வாசித்துவிடலாம். வேகத்துக்கு மதிப்பெண் தரும் வினாடி வினா விளையாட்டுகளை முதல் நாளில் தவிர்த்துவிடுங்கள். நெட் மெதுவாக இருப்பவர்தான் கடைசியில் வருவார். ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’ விளையாட்டும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களுக்கு அது நன்றாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் மூன்றில் எதையுமே ஊகிக்க முடியாது.

மூவர் அறை

ஜூமில் `Breakout Rooms` என்று இருக்கிறதே, அதில் ஆட்களைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அனுப்புவது. தனியாக யோசி, இருவராகப் பேசு, பிறகு வகுப்புக்குச் சொல் என்ற முறையை ஃபிராங்க் லைமன் 1981-இல் எழுதினார், பள்ளிக்கூடங்களில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதன் நடுப்பகுதியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் நான்கு வழிகளில் உண்மையான பேச்சு வருவது இதில்தான். அதே சமயம் கெட்டுப்போனால் ரொம்ப மோசமாகக் கெடுவதும் இதுதான்.

முதலில் இருவர் இருவராகத்தான் பிரித்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கேமரா இல்லாத வகுப்பில் அது சரிப்படவில்லை. கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாரா என்று தெரியாது. இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் நான்கு நிமிடம் சுவரிடம் “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதல் நாளிலேயே அந்த அனுபவம் கிடைத்தவர் அடுத்த தடவை அறைக்கு அழைத்தால் வரமாட்டார். நான்கு பேராகப் போட்டால் ஒருவர் ஒளிந்துகொள்வார், மற்ற மூவரும் அதை விட்டுவிடுவார்கள். மூவர் என்றால் ஒருவர் இல்லாவிட்டாலும் இரண்டு பேர் மிச்சம், மூவரும் இருந்தால் யாரும் ஒளிய முடியாது.

அறைக்குள் போனதும் அமைதியாக இருப்பதற்குக் காரணம் கூச்சம் மட்டும் கிடையாது. யார் தொடங்குவது என்று தெரியாததுதான் பெரிய காரணம். அதனால் அதை நானே முடிவு செய்து அனுப்புகிறேன். பெயரின் முதல் எழுத்து அகர வரிசையில் முன்னால் வருகிறவர் தொடங்க வேண்டும். அவர் முடித்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வரி விதி வந்த பிறகு, நான் எட்டிப் பார்க்கும் அறைகளில் அமைதி குறைந்துவிட்டது. யார் முதலில் என்று பேசிக்கொள்ளும்போதே “உங்க பேர் ‘உ’வா, ‘ஊ’வா?” என்று பேச்சு தொடங்கிவிடுகிறது.

கையில் ஒரு வேலையும் வேண்டும். “பேசிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பினால் பேசமாட்டார்கள். “உங்கள் மூவருக்கும் பொதுவான, இந்த வகுப்பில் வேறு யாருக்கும் இருக்காது என்று நீங்கள் நினைக்கும் ஒரு விஷயத்தோடு திரும்பி வாருங்கள்” என்பேன். இதைக் கண்டுபிடிக்கப் பல கேள்வி கேட்டாக வேண்டும். ஒரு அறையிலிருந்து “மூணு பேருக்கும் கத்தரிக்காய் பிடிக்காது” என்று வந்தது. இன்னொன்றிலிருந்து “மூணு பேரும் அக்கா போனில்தான் வகுப்பு பார்க்கிறோம்” என்று வந்தது. அதைச் சொன்னபோது அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை என்னால் மறக்க முடியாது, ஏனென்றால் அதுவரை தான் ஒருத்திதான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சில இயந்திர விஷயங்கள். அறைக்குள் போனபின் நான் பகிர்ந்த ஸ்லைடு தெரியாது, ஆகவே கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு நிமிடம் போதும். ஐந்தைத் தாண்டினால் பேச்சு தீர்ந்து, மைக் மூடிய அமைதி வந்துவிடும். அறைகளை மூடச் சொன்னால் ஜூம் தானாகவே 60 செகண்ட் கணக்குக் காட்டும். அதனால் மூன்றாவது நிமிட முடிவிலேயே மூடும் பட்டனை அழுத்திவிடுங்கள். போனில் இருக்கும் சிலருக்கு அறைக்கு வரும் அழைப்பைத் தட்டத் தெரியாமல் முதன்மை அறையிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களோடு பேச நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும், முதல் ஒரு நிமிடத்துக்கு அறை அறையாகச் சுற்றக் கிளம்பாதீர்கள்.

கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் இந்த அறை வசதி கிடையாது. அப்படியானால் சாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலவச ஜூமில் அறைகள் உண்டு, ஆனால் கூட்டமே 40 நிமிடம்தான். அதில் பாதியை அறிமுகத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். முதல் நாள் மட்டும் என்றால் நான் கொடுப்பேன்.

வாட்ஸ்அப் குரல் பதிவு

வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஆளுக்கு 20 செகண்ட் குரல் பதிவு அனுப்பச் சொல்வது. இதன் பலம் பெரிது. வீட்டில் சத்தம் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம். யார் முறை என்ற சிக்கலும் இல்லை. கூச்சம் அதிகம் உள்ளவருக்கு நான்கு வழிகளிலும் இதுதான் இளக்கமானது. ஒரு குறை, திரும்பத் திரும்பப் பதிவு செய்து மனப்பாடம் போல ஒப்பிப்பார்கள். குரல் வரும், உரையாடல் வராது.

ஆனால் இதை வகுப்புக் குழுவில் போடச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த உடனே எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குரலும் எண்ணும் பெயரும் சேர்ந்து கிடைத்தபின், ஒரு பேட்சில் இரண்டு பெண்களுக்கு இரவில் தேவையில்லாத மெசேஜ்கள் வரத் தொடங்கின. அவர்கள் என்னிடம் சொல்வதற்குள் இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஒருவர் வகுப்பையே விட்டுவிட்டார். அந்தக் குழுவைத் தொடங்கியது நான். அதனால் இப்போது பதிவுகள் என் எண்ணுக்கு மட்டும் வரும். விருப்பப்பட்டவர்களின் பதிவை மட்டும், கேட்டுக்கொண்டு, வகுப்பில் போட்டுக் காட்டுவேன். குரல் பதிவு அனுப்பாதவரை நான் துரத்துவதும் இல்லை.

ஒரு முதல் நாள், நிமிடக் கணக்கில்

கடந்த பேட்சில் 22 பேர். வகுப்பு ஒன்றரை மணி நேரம். 20 நிமிடத்தை இதற்கு ஒதுக்கினேன்.

முதல் மூன்று நிமிடம் பெயருக்கு. ‘அப்பா போன்’ என்று இருப்பவரிடம் பேச முடியாது. பங்கேற்பாளர் பட்டியலில் தன் பெயரைத் தட்டினால் `Rename` வரும், எந்தப் பெயரில் கூப்பிட வேண்டுமோ அதைப் போடச் சொன்னேன். (கூகுள் மீட்டில் கணக்கில் இருக்கும் பெயர்தான் தெரியும், அங்கே சாட்டில் எழுதச் சொல்ல வேண்டியதுதான்.) இந்த நேரத்தில் வகுப்புப் பதிவை நான் தொடங்கவில்லை, தொடங்கவில்லை என்பதைச் சொல்லவும் செய்தேன். பதிவாகிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் பேசமாட்டார்கள். அறிமுகம் முடிந்தபின்தான் பதிவு.

அடுத்த ஆறு நிமிடம் சாட். ஓர் ஒத்திகை, பிறகு சத்தம் பற்றிய கேள்வி. 19 பதில் வந்தது. ஐந்து பேரிடம் ஒற்றைச் சொல் கேள்வி கேட்டேன். நான்கு பேர் மைக்கைத் திறந்தார்கள். ஒருவர் சாட்டிலேயே பதில் எழுதினார், சரி என்று விட்டுவிட்டேன். தறிச் சத்தம் என்று எழுதியவரிடம் “ஒரு நிமிஷம் மைக்கைத் திறந்து வையுங்க, நாங்களும் கேட்கிறோம்” என்றேன். விசைத்தறியின் தடதடவென்ற சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. அதன்பின் கேட்காமலே இன்னொருவர் மைக்கைத் திறந்து, “சார், எங்க வீட்ல இதே சத்தம்தான்” என்றார். அன்றைக்கு நான் கூப்பிடாமல் வந்த முதல் குரல் அதுதான்.

பிறகு மூவர் அறை. ஆறு அறையில் மூவர், ஒன்றில் நால்வர். விளக்க இரண்டு நிமிடம், பேச நான்கு நிமிடம். முதன்மை அறையில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது போல எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொருவர் பதிலே சொல்லவில்லை, சாப்பிடப் போயிருக்கலாம். திரும்பியதும் ஐந்து நிமிடம், ஒவ்வொரு அறையிலிருந்தும் கடைசியாகப் பேசியவர் அந்தப் பொதுவான விஷயத்தைச் சொன்னார். அது அறையில் இரண்டு பேரிடம் ஏற்கெனவே சொன்ன விஷயம், அதனால் இரண்டாம் தடவை 21 பேருக்கு முன்னால் சொல்வது கடினமாக இருக்காது. சாட்டில் எழுதி, மூவருக்குள் பேசி, அதன்பின் வகுப்பில் பேசுவது என்று இந்த வரிசையை வைத்ததற்குக் காரணமே அதுதான்.

வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரிப்புச் சத்தத்தை நம்பாதீர்கள், அது அந்த நேரத்தோடு போய்விடும். நான் இரண்டை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். பாடம் தொடங்கிய பின் கேட்கும் முதல் உண்மையான கேள்விக்கு யாராவது மைக்கைத் திறக்க எத்தனை செகண்ட் ஆகிறது? வகுப்பு முடிவதற்குள் எத்தனை வெவ்வேறு பேர் பேசினார்கள்? வரிசை அறிமுகம் வைத்த பேட்சுகளில் முதல் கேள்வி பத்து செகண்டைத் தாண்டும், கடைசியில் நானே பதில் சொல்வேன். கடந்த பேட்சில் VLOOKUP ஏன் `#N/A` காட்டுகிறது என்று கேட்டபோது ஆறாவது செகண்டில் ஒருவர் பேசினார், அவர் சொன்னதைத் திருத்தி இன்னொருவர் பேசினார். அன்று குரல் கொடுத்தவர்கள் 9 பேர். மீதி 13 பேர் பேசவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டேன். அடுத்த வகுப்பில் அறைகளைப் பிரிக்கும்போது அந்தப் பெயர்களைப் பார்த்துப் பிரித்தேன்.

எட்டுப் பேர் டீம் என்றால்

ஆபீஸ் டீமுக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். என் தங்கை ஒரு வாடிக்கையாளர் சேவை டீமை வீட்டிலிருந்தே நடத்துகிறாள், புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேர். அங்கே தயக்கத்துக்குக் காரணம் வேறு. மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார், நாளைக்கு இதே ஆட்கள்தான் மதிப்பீடு எழுதுவார்கள். அதனால் அவள் மூவர் அறையை எடுத்து, தான் எந்த அறைக்குள்ளும் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கேள்வியும் வேலையிலிருந்தே எடுத்தாள்: “இந்த வாரம் யாரிடமும் கேட்கத் தயங்கிய ஒரு சந்தேகம் என்ன?” மூன்று அறையும் திரும்பி வந்தபோது, சந்தேகங்களை யார் கேட்டது என்று சொல்லாமல் பட்டியலாக மட்டும் வாங்கிக்கொண்டாள். மூன்று பட்டியலிலும் ஒரே சந்தேகம் இருந்தது. லீவு யாரிடம் சொல்ல வேண்டும், டீம் லீடரிடமா எச்.ஆரிடமா என்பது.

சாட்டில் ஒன்றாக எழுதும் முறையை அவளிடம் சொன்னபோது, வேண்டாம் என்றாள். ஆபீஸ் சாட் அப்படியே சேமிக்கப்படுகிறது, ஆட்களுக்கும் அது தெரியும். வகுப்பில் எளிதாக இருக்கும் வழி அங்கே எளிதாக இல்லை.

எனவே 20 பேருக்கு மேற்பட்ட வகுப்புக்குச் சாட்டும் மூவர் அறையும் சேர்த்து. நேரமோ வசதியோ இல்லையென்றால் சாட் மட்டும், ஆனால் ஒற்றைச் சொல் கேள்வியோடு. ஆறு பேருக்குள் என்றால் வரிசை அறிமுகம், ஊரும் காலேஜும் இல்லாமல். ரொம்பக் கூச்சமான பேட்ச் என்று முன்பே தெரிந்தால் குரல் பதிவு, உங்கள் எண்ணுக்கு மட்டும். அடுத்த பேட்ச் வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது, 24 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். எட்டு அறை, மூவர் மூவராகச் சரியாக வரும். இந்த முறை அறைக்குப் போகும் அழைப்பை எப்படித் தட்டுவது என்பதை முந்தின நாளே ஒரு படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.